நெடுந்தொடரில் அரைப்புள்ளியும் இடைக்கோடும் பிறைக்குறியும்

நுழையும்முன்

பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகள் நிருபதுங்கவர்மன் ஆட்சியைச் சேர்ந்தவை. ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்ட அச்செப்பேடுகளின் தமிழில் காற்புள்ளி இல்லை, அரைப்புள்ளி இல்லை, பிறைக்குறியும் இல்லை. ஆயினும் யாருக்கு, எதை, எவ்வாறு கொடுத்தனர் என்பதை அறிஞர்கள் படித்தறிய முடிகிறது. தமிழில் வினையெச்சம் தொடரை மேலே நடத்திச் செல்வதும் வினைமுற்று அதனை நிறுத்துவதுமே இதற்குக் காரணம். நிறுத்தக்குறிகள் செய்யும் பணியில் பெரும்பகுதியை நம் மொழியின் இலக்கணமே முன்னர்ச் செய்துவந்தது.

இன்று சமூக அறிவியல் கட்டுரையில் நாள், எண்ணிக்கை, சட்டத்தின் பெயர், விதிவிலக்கு, எதிர்க்கருத்து ஆகிய யாவும் ஒரே தொடருக்குள் இடம்கேட்டு நிற்கின்றன. அவற்றையெல்லாம் அடக்கும் முயற்சியில் எழுதுவோர் குறிகளை அள்ளித் தெளித்துவிடுகின்றனர். அரைப்புள்ளி (;), இடைக்கோடு (–), பிறைக்குறி ( ) ஆகிய மூன்றையும் எங்கு இடுவது, எங்கு விடுவது என்பதைப் புதுச்சேரியின் அண்மை வரலாறு பற்றிய ஒரு பத்தியைக்கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

திருத்த வேண்டிய ஒரு தொடர்

கீழூர் வாக்கெடுப்பைப் பற்றிப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதும் கட்டுரையில் பின்வரும் தொடர் இருப்பதாகக் கொள்வோம்.

> 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் (இவ்வூர் வில்லியனூரை அடுத்துள்ளது) தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் (178 பேர்; மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை) கூடி; இந்தியாவுடன் இணைவது குறித்து வாக்களித்து – 170 பேர் ஆதரித்ததால் (8 பேர் எதிர்த்தனர்) பிரெஞ்சு ஆட்சி நவம்பர் 1 (1954)இல் நடைமுறையில் முடிவுற்றது; சட்டப்படி 1962இல்தான் (ஆகஸ்ட் 16) முடிவுற்றது.

இத்தொடரிலுள்ள செய்திகளில் பிழையில்லை. ஆனால் ஐந்து இடங்களில் பிறைக்குறியும் மூன்று இடங்களில் அரைப்புள்ளியும் உள்ளன. ஓர் இடைக்கோடு தொடங்கி, முடிவுறாமல் நிற்கிறது. படிப்பவர் எதனை முதன்மையாகக் கொள்வது என்று அறியாமல் தடுமாறுவார். ஒவ்வொரு குறியாக எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

அரைப்புள்ளி: முற்றுக்குப் பின்னரே

அரைப்புள்ளி காற்புள்ளியைவிட நீண்ட நிறுத்தத்தையும் முற்றுப்புள்ளியைவிடக் குறுகிய நிறுத்தத்தையும் காட்டும் என்று கீழ்வகுப்புகளில் படித்திருக்கிறோம். எழுதும்போது அந்த அளவுகோல் மட்டும் போதாது. அரைப்புள்ளியின் இருபுறமும் தனித்து நிற்கக்கூடிய தொடர் இருக்க வேண்டும் என்பதே நமக்குத் துணைசெய்யும் விதி. தமிழில் இதனை அறிவது எளிது. குறிக்கு முன்னுள்ள சொல் வினைமுற்றாகவோ வேறு பயனிலையாகவோ இருந்தால் அங்கு அரைப்புள்ளி பொருந்தும். வினையெச்சமாக இருந்தால் பொருந்தாது.

மாணவரின் தொடரில் ‘கூடி’ என்பதன்பின் அரைப்புள்ளி வந்துள்ளது. ‘கூடி’ என்பது வினையெச்சம். அது ‘வாக்களித்து’ என்னும் அடுத்த வினையை நோக்கிச் செல்கிறது. போகும் வழியில் கதவைச் சாத்தியதுபோல அரைப்புள்ளி அதனைத் தடுத்துவிடுகிறது. அங்கு வேண்டுவது காற்புள்ளியே. ‘178 பேர்;’ என்னுமிடத்திலும் இதே குறைதான். ‘178 பேர்’ என்பது பயனிலை கொண்டு முடிந்த தொடர் அன்று. ‘நடைமுறையில் முடிவுற்றது;’ என்னும் மூன்றாவது இடம் மட்டும் பொருத்தமானது. அங்கு முற்று இருக்கிறது. அதனைத் தொடரும் பகுதியும் தனியே நிற்கவல்லது. இரண்டும் ஒரே ஆட்சிமாற்றத்தின் இரு நிலைகளைக் கூறுவதால் நெருங்கிய தொடர்பும் உள்ளது.

ஐயம் எழும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அரைப்புள்ளிக்கு வலப்புறமுள்ள பகுதியைக் கையால் மறைத்துவிட்டு இடப்புறத்தை மட்டும் படியுங்கள். பின்னர் இடப்புறத்தை மறைத்து வலப்புறத்தைப் படியுங்கள். இரண்டில் ஒன்று பாதியில் நின்றாலும் அரைப்புள்ளி தவறான இடத்தில் உள்ளது என்று பொருள்.

இவ்விதிக்குப் புறம்பாக அரைப்புள்ளி இன்றியமையாததாகும் இடம் ஒன்று உண்டு. பட்டியலுக்குள் பட்டியல் வரும் இடமே அது. பின்வரும் தொடரைப் படித்துப் பாருங்கள்.

> புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளாவன: புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர், காரைக்கால் பகுதியில் கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம்.

ஊரறிந்தவருக்கு இதில் குழப்பமில்லை. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து படிப்பவர், ‘வில்லியனூர், காரைக்கால் பகுதியில் கோட்டுச்சேரி’ என்று சேர்த்துப் படிக்கக்கூடும். வில்லியனூர் தன் இடத்திலிருந்து பெயர்ந்து, காரைக்காலுடன் ஒட்டிக்கொள்ளும். எல்லா இடத்திலும் காற்புள்ளியே இருப்பதால் ஊர்களைப் பிரிக்கும் குறிக்கும் பகுதிகளைப் பிரிக்கும் குறிக்கும் வேறுபாடு தெரியவில்லை. ‘வில்லியனூர்’ என்பதன்பின் உள்ள காற்புள்ளி ஒன்றை மட்டும் அரைப்புள்ளியாக மாற்றினால் போதும்.

> … நெட்டப்பாக்கம், வில்லியனூர்; காரைக்கால் பகுதியில் கோட்டுச்சேரி, நெடுங்காடு …

இப்போது ஐந்தைந்து ஊர்களாக இரு தொகுதிகள் தாமே பிரிந்து நிற்கின்றன. உட்பட்டியலில் காற்புள்ளி வந்திருந்தால்தான் வெளிப்பட்டியலுக்கு அரைப்புள்ளி தேவை. எளிய பட்டியலுக்குக் காற்புள்ளியே போதுமானது.

இடைக்கோடு: குரலை உயர்த்தும் குறி

முதலில் இடைக்கோட்டையும் இணைப்புக்கோட்டையும் பிரித்தறிவோம். இணைப்புக்கோடு (-) சிறியது. ‘தமிழ்-பிரெஞ்சு அகராதி’ என்பதுபோல இரு சொற்களை இணைப்பது. இடைக்கோடு (–) சற்று நீண்டது. தொடரின் ஓட்டத்தை நிறுத்தி, இடையில் ஒரு செய்தியைப் புகுத்துவது. இணைப்புக்கோட்டின் இருபுறமும் இடைவெளி விடுவதில்லை. இடைக்கோட்டின் இருபுறமும் இடைவெளி விட்டு எழுதுவதை இப்பாடத்தில் மரபாகக் கொள்வோம்.

புதுச்சேரியில் 1968ஆம் ஆண்டுக்குப் பின் 2006ஆம் ஆண்டில்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. இச்செய்தியை மூன்று வகையாக எழுதிப் பார்ப்போம்.

> 1. புதுச்சேரியில் 1968க்குப் பின், 38 ஆண்டுகள் கழித்து, 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது.
> 2. புதுச்சேரியில் 1968க்குப் பின் (38 ஆண்டுகள் கழித்து) 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது.
> 3. புதுச்சேரியில் 1968க்குப் பின் – 38 ஆண்டுகள் கழித்து – 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது.

சொற்கள் மூன்றிலும் ஒன்றே. குறி மட்டும் வேறு. முதல் தொடர் இடைவெளியைப் பிற செய்திகளோடு ஒன்றாகச் சொல்லிச் செல்கிறது. இரண்டாம் தொடர், கழித்தல் கணக்கைப் படிப்பவருக்காகப் போட்டுக் காட்டுவதுபோல, குரலைத் தாழ்த்திச் சொல்கிறது. மூன்றாம் தொடர், இந்த நீண்ட இடைவெளியைக் கவனியுங்கள் என்று குரலை உயர்த்துகிறது. தேர்தல் நடந்த ஆண்டுகளை மட்டும் தரும் கட்டுரைக்கு முதல் வடிவமே போதும். ஊராட்சியில் மக்கள் பங்கேற்பு ஏன் குறைந்தது என்று வாதிடும் கட்டுரையில் அந்த 38 ஆண்டுகளே வாதத்தின் அச்சாணி. அங்கு இடைக்கோடு தகும்.

உயர்த்திய குரலையே எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் செவியில் தங்காது. எனவே ஒரு பத்தியில் ஓர் இணை இடைக்கோட்டுக்கு மேல் வேண்டாம். மேலும், தொடரின் நடுவில் தொடங்கிய இடைக்கோட்டை மற்றோர் இடைக்கோட்டால் முடிக்க வேண்டும். மாணவரின் தொடரில் ‘வாக்களித்து –’ என்று தொடங்கிய செய்தி எங்கு முடிகிறது என்பது தெரியவில்லை. ‘170 பேர் ஆதரித்ததால்’ என்பது இடைச்செருகலா, தொடரின் உறுப்பா என்ற ஐயம் எழுகிறது. அது தொடரின் உறுப்பே ஆகும். ஆகவே அங்கு இடைக்கோடு தேவையில்லை.

பிறைக்குறி: உருபு எங்கே நிற்கும்?

பிறைக்குறிக்குள் இருப்பது நீக்கினாலும் தொடருக்கு ஊறு செய்யாததாக இருக்க வேண்டும். ஆண்டு, அளவு, சுருக்கப் பெயரின் விரிவு போன்றவை இவ்வகையின. இவ்விதியிலிருந்து தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் பிறக்கிறது. நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரின் இறுதியில் ஒட்டி நிற்கும். பெயருக்கும் உருபுக்கும் இடையில் பிறைக்குறி புகுந்தால் உருபு ஒட்ட இடமின்றித் தொங்கும்.

> தவறு: புதுச்சேரி கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டம் (1973)இன்படி …

பிறைக்குறிக்குள் இருப்பதை நீக்கினால் ‘சட்டம் இன்படி’ என்பது எஞ்சும். அது தமிழன்று. உருபைப் பெயரோடு சேர்த்துவிட்டு, அதன்பின் பிறைக்குறியை இட வேண்டும்.

> சரி: புதுச்சேரி கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டத்தின்படி (1973) …

பிறைக்குறியே இல்லாமல், ‘1973ஆம் ஆண்டின் புதுச்சேரி கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டப்படி’ என்று எழுதுவது இன்னும் நேரானது. மாணவரின் தொடரிலுள்ள ‘நவம்பர் 1 (1954)இல்’ என்பதும் இவ்வகைப் பிழையே. தொடரின் தொடக்கத்திலேயே 1954 வந்துவிட்டதால், ‘அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள்’ என்றால் போதும்.

பிறைக்குறிப் பகுதி தொடரின் இறுதியில் வரும்போது முற்றுப்புள்ளி பிறைக்குறிக்கு வெளியே நிற்கும். முழுத்தொடர் ஒன்று தனியாகப் பிறைக்குறிக்குள் அமையும்போது மட்டும் முற்றுப்புள்ளி உள்ளே வரும்.

இனி, மாணவரின் தொடரில் உள்ள பிறைக்குறிப் பகுதிகள் அனைத்தையும் நீக்கிப் பார்ப்போம். தொடக்கம் இவ்வாறு ஆகிறது: ‘கீழூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடி…’. உறுப்பினர்கள் கீழூரில் கூடினார்களா, கீழூரில் தேர்ந்தெடுக்கப்பட்டார்களா? கூடியதுதான் கீழூரில். சொல்வரிசையில் இருந்த குறையைப் பிறைக்குறி மறைத்துக்கொண்டிருந்தது. நீக்கியதும் அது வெளிப்பட்டுவிட்டது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நீக்கியபின் 170 பேர் ஆதரித்தனர் என்பது மட்டும் எஞ்சுகிறது. எத்தனை பேரில் 170 பேர் என்பதும், 8 பேர் எதிர்த்தனர் என்பதும், மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை என்பதும் போய்விடுகின்றன. இவை நீக்கத்தக்க செய்திகளா? கீழூர் நிகழ்வை மக்கள் அனைவரும் வாக்களித்த நிகழ்வாகப் பலர் கருதிவிடுகின்றனர். வாக்களித்தவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் என்பது வரலாற்றின் மைய உண்மை. எதிர்த்த எண்மரின் வாக்கும் அவ்வாறே பதிவுபெற வேண்டியது. கட்டுரையின் முடிவை மாற்றவல்ல செய்தியைப் பிறைக்குறிக்குள் வைத்தால், எழுதியவர் அதனைச் சொன்னவரும் ஆகிறார். படிப்பவர் கண்ணில் படாமல் செய்தவரும் ஆகிறார். ஆய்வு நேர்மைக்கு இது பொருந்தாது. எதிர்ச்சான்றும் விதிவிலக்கும் தமக்கெனப் பயனிலை பெற்ற தொடர்களாக வெளியே நிற்க வேண்டும்.

ஏன் சிக்கனம்?

தமிழ்த்தொடரில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் வரும். எழுவாயைப் படித்தவர் அது என்ன செய்தது என்பதை அறியத் தொடரின் முடிவுவரை காத்திருக்கிறார். இடையில் புகும் ஒவ்வொரு பிறைக்குறியும் இடைக்கோடும் அந்தக் காத்திருப்பை நீட்டிக்கின்றன. மாணவரின் தொடரில் ‘உறுப்பினர்கள்’ என்னும் எழுவாய்க்கு உரிய வினைமுற்று கடைசிவரை வரவேயில்லை. ‘கூடி’, ‘வாக்களித்து’ என்று எச்சங்களாகவே சென்று, ‘ஆட்சி முடிவுற்றது’ என்று வேறோர் எழுவாயில் தொடர் முடிந்துவிட்டது. குறிகளின் கூட்டத்தில் எழுதியவரே தம் எழுவாயைத் தொலைத்துவிட்டார்.

திருத்திய வடிவம்

முதல் திருத்தத்தில் பிறைக்குறிகளையும் இடைக்கோட்டையும் நீக்கி, செய்திகளைத் தனித்தனித் தொடர்களாக்குவோம்.

> 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூரில், இந்தியாவுடன் இணைவது குறித்த வாக்கெடுப்பு நடைபெற்றது. மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை; அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 178 பேரே வாக்களித்தனர். இணைப்பை 170 பேர் ஆதரித்தனர்; 8 பேர் எதிர்த்தனர். பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் முடிவுற்றது; சட்டப்படியான மாற்றம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் நிறைவடைந்தது.

இப்பத்தியில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அடுத்தடுத்த மூன்று தொடர்கள் அரைப்புள்ளியால் இரண்டிரண்டாக உடைந்து, ஒரே நடையில் செல்கின்றன. எந்த அரைப்புள்ளி இன்றியமையாதது என்று கேட்டுப் பார்ப்போம். நேரடி வாக்கெடுப்பு என்னும் தவறான கருத்தை மறுத்து, உடனே சரியான செய்தியை நிறுவும் முதல் அரைப்புள்ளி வேண்டியதே. மற்ற இரண்டின் பணியைத் தமிழ் வினைவடிவங்களே செய்துவிடும்.

> 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூரில், இந்தியாவுடன் இணைவது குறித்த வாக்கெடுப்பு நடைபெற்றது. மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை; அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 178 பேரே வாக்களித்தனர். இணைப்பை 170 பேர் ஆதரிக்க, 8 பேர் எதிர்த்தனர். பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாளே முடிவுற்றபோதிலும், சட்டப்படியான மாற்றம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் நிறைவடைந்தது.

‘ஆதரிக்க’ என்னும் செயவென் எச்சம் இரு செய்திகளையும் இணைக்கிறது. ‘எதிர்த்தனர்’ என்னும் முற்று எண்மருக்குரிய இடத்தைத் தருகிறது. ‘முடிவுற்றபோதிலும்’ என்பது நடைமுறைக்கும் சட்டத்துக்கும் இடையிலிருந்த ஏறக்குறைய எட்டாண்டு இடைவெளியை உணர்த்துகிறது. அரைப்புள்ளி இரு செய்திகளை அருகருகே வைக்கும்; அவற்றின் உறவு காரணமா, முரணா, தொடர்ச்சியா என்பதைச் சொல்லாது. எச்சமும் இடைச்சொல்லும் அவ்வுறவைச் சொல்லிவிடும். உறவைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லையும், உறவு வெளிப்படையாக உள்ள இடத்தில் குறியையும் ஆளுதல் நன்று.

எட்டுக் குறிகளோடு ஒரு கோடும் கொண்டு நின்ற செய்தி, இப்போது காற்புள்ளிகளைத் தவிர ஓர் அரைப்புள்ளியோடு நிற்கிறது. தேவையான செய்தி எதுவும் விடுபடவில்லை. மறைந்திருந்த இரண்டு செய்திகள் வெளியே வந்துள்ளன.

கற்பவை கற்றபின்

1. ‘பாகூர் ஏரி புதுச்சேரியின் பெரிய ஏரிகளுள் ஒன்றாக விளங்கி; சுற்றியுள்ள வயல்களுக்கு நீர் தருகிறது.’ – இத்தொடரில் அரைப்புள்ளி பொருந்துமா? காரணம் கூறித் திருத்துக.

2. ‘ஊசுட்டேரி (புதுச்சேரியின் மிகப்பெரிய ஏரி)இன் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ளது.’ – உருபு நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமாறு மாற்றி எழுதுக. பிறைக்குறி இல்லாமலும் ஒருமுறை எழுதிப் பார்க்க.

3. உங்கள் கொம்யூன் பஞ்சாயத்திலுள்ள ஊர்களையும் ஒவ்வோர் ஊரிலுமுள்ள நீர்நிலைகளையும் ஒரே தொடரில் பட்டியலிடுக. காற்புள்ளியும் அரைப்புள்ளியும் வெவ்வேறு பணி செய்யுமாறு அமைக்க.

4. நீங்கள் எழுதிய சமூக அறிவியல் கட்டுரை ஒன்றில் பிறைக்குறிக்குள் உள்ளவற்றையெல்லாம் நீக்கிவிட்டுப் படிக்க. கட்டுரையின் முடிவு மாறுகிறதா? மாறினால், நீக்கியவற்றுள் எவற்றை வெளியே கொண்டுவருவீர்கள் என்பதை விளக்குக.